90 நாள் தாண்டாத பாக்கிக்கும் ஒதுக்கீடு உண்டு

“90 நாள் தாண்டாத பாக்கிக்கு ஒதுக்கீடே வேண்டாம், ஆடிட்டரும் கேட்க மாட்டார்.”

பாதிதான் சரி, அண்ணாச்சி. இண்ட் ஏஎஸ் 109 என்ற கணக்குத் தரநிலையில் 90 நாள் என்பது கடன் தவறியதாகக் கொள்ளும் எல்லை. கெடு வராத பாக்கிக்கும் நட்ட விகிதம், அதாவது வராமல் போகலாம் என்று கணிக்கும் பங்கு, உண்டு: 30 லட்சத்துக்கு 0.5% என்றால் ஒதுக்கீடு 15,000 ரூபாய்.

ஆடிட்டர் முதலில் தோண்டுவது, எந்தப் பாக்கி எத்தனை நாள் பழையது என்று காட்டும் வயதுப் பட்டியலைத்தான். மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில் பழைய பில்லை ரத்து செய்து புதுத் தேதியில் போட்டிருந்தார்கள். 200 நாள் பாக்கி ‘கெடு வராதது’ வரிசையில் உட்கார்ந்திருந்தது. சரக்கு போன ஈ-வே பில் தேதி ஏழு மாதம் முந்தியது, அதில்தான் மாட்டினார்கள். அப்புறம் விகிதத்தையும் திருத்த வேண்டியதாயிற்று. எவ்வளவு என்பதில் இன்னும் இழுபறி.

இது தங்களுக்கும் பொருந்துமா என்று கேட்ட முந்திரி ஆலைத் தம்பிக்கு: உங்கள் கம்பெனி இண்ட் ஏஎஸ்-க்குள் வராவிட்டால் இந்த நட்ட விகித முறை கட்டாயமில்லை.