‘ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்’ என்பதை எப்படி மொழிபெயர்ப்பீர்கள்?

சுகாதார ஆய்வுகளுக்காகக் கிராமங்களில் எடுக்கும் பேட்டிகளைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது என் வேலைகளில் ஒன்று. மற்றவர்கள் செய்ததைச் சரிபார்க்கவும் வரும். அதில் எனக்கு மிகுந்த கவலை தருவது கடினமான தமிழ்ச் சொற்கள் இல்லை. ‘கிறுகிறுப்பு’, ‘படபடப்பு’, ‘அடிவயிறு இழுத்துப் பிடிக்குது’ என்று வந்தால் மொழிபெயர்ப்பாளர் நின்று யோசிக்கிறார், யாரிடமாவது கேட்கிறார். ‘சுகர்’, ‘பிரஷர்’, ‘அல்சர்’, ‘ஆபரேஷன்’ வந்தால் யாரும் யோசிப்பதில்லை. ஏற்கெனவே ஆங்கிலம்தானே என்று எழுத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு நிறுவனம் கொடுத்த கலைச்சொல் பட்டியலில் இருநூறுக்கு மேல் சொற்கள் இருந்தன. இப்படி ஒரு சொல்கூட அதில் இல்லை. இவையெல்லாம் தமிழ்ச் சொற்களாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது என்பதுதான் என் வாதம். தமிழ்ச் சொல்லை மொழிபெயர்க்கிற கவனத்தோடுதான் இவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும்.

சுகரையே எடுத்துக்கொள்வோம். ‘டீயில சுகர் கம்மியா போடுங்க’ என்றால் சர்க்கரை. ‘எனக்கு சுகர் வந்து பத்து வருஷம் ஆச்சு’ என்றால் நீரிழிவு நோய். ‘சுகர் பாத்தீங்களா?’ என்றால் ரத்தத்தில் குளுக்கோஸ் அளவு. எது என்று சொல்வது பெயர்ச்சொல் இல்லை, கூடவே வருகிற வினைச்சொல். சுகர் ‘வந்தால்’, ‘இருந்தால்’ நோய். ‘ஏறினால்’, ‘இறங்கினால்’ அளவு. இதில் ஒரு நுட்பமான இடம் உண்டு. ‘சுகர் குறைஞ்சிருக்கு’ என்பது பெரும்பாலும் நல்ல செய்தி, மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். ‘அம்மாவுக்கு திடீர்னு சுகர் இறங்கிடுச்சு’ என்பது ஆபத்தான செய்தி. ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போய், வியர்த்து, மயங்கி விழுகிற நிலை அது. இரண்டையும் ‘சர்க்கரை குறைந்தது’ என்று ஒரே மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். படிக்கிற மருத்துவர் இரண்டாவதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

பிரஷரும் இதே மாதிரிதான். ‘அவருக்கு பிரஷர் இருக்கு’ என்பதை ஆங்கிலத்தில் அப்படியே வைத்தால் ஏதோ வேலை நெருக்கடியில் இருக்கிறார் என்று ஆகிவிடும்.

ஆனால் எல்லாவற்றிலும் அதிகக் குழப்பம் செய்வது ஆபரேஷன். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணிடம் ‘ஆபரேஷன் பண்ணியாச்சா?’ என்று செவிலியர் கேட்டால், எந்த ஆபரேஷன் என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்க மாட்டார். அது குடும்பக் கட்டுப்பாடு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கே 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். இவ்வளவு பரவலான ஒன்றுக்கு அடைமொழியே தேவைப்படவில்லை. அதனால் ‘ஆபரேஷன்’ என்று மொட்டையாகச் சொன்னாலே போதும் என்று ஆகிவிட்டது.

பேட்டிகளில் இது எப்படி வரும் என்று பாருங்கள். ஒரு பெண் பேசுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘மூத்தவன் நார்மல். ரெண்டாவது ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. அப்பவே ஆபரேஷனும் பண்ணிக்கிட்டேன். அதுக்கப்புறம் மூணு வருஷம் கழிச்சு வயித்துல ஒரு ஆபரேஷன் ஆச்சு.’

அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் முதல் மகன் இயல்பானவன் என்றும் இரண்டாமவன் அப்படி இல்லை என்றும் தொனிக்கும். அப்புறம் மூன்று அறுவை சிகிச்சைகள், எதற்கென்று தெரியாமல். அவர் சொன்னதோ மிகத் தெளிவாக இருக்கிறது. ‘நார்மல்’ என்றால் சுகப்பிரசவம். ‘பண்ணி எடுத்தாங்க’ என்றால் சிசேரியன், எடுத்தது குழந்தையை. ‘பண்ணிக்கிட்டேன்’ என்றால் கருத்தடை. அந்தக் ‘கிட்டேன்’தான் இங்கே சாவி. ‘கொள்’ சேர்ந்தால் தனக்காக, தானே முடிவெடுத்துச் செய்துகொண்டது என்ற பொருள் வருகிறது. சிசேரியனோடு சேர்த்தே கருத்தடையும் செய்வது இங்கே வழக்கம் என்பதால் ‘அப்பவே’ என்பதும் பொருந்துகிறது. கடைசியில் ‘ஆச்சு’ என்று வருவது வேறு ஏதோ நோய்க்கானது. எதற்கு என்று அவர் சொல்லவில்லை. அதை மொழிபெயர்ப்பாளர் ஊகித்து நிரப்பவும் கூடாது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்’, ‘ஆபரேஷன் பண்ணி விட்டுட்டாங்க’ என்ற இரண்டுக்கும் நடுவே சம்மதம் என்கிற பெரிய விஷயம் இருக்கிறது. இரண்டாவதில் அவரைக் கேட்காமலே செய்தார்களோ என்ற சந்தேகம் எழ இடமிருக்கிறது. ஆய்வாளர் மறுபடி போய் விசாரிக்க வேண்டிய இடம் அது. ஆங்கிலத்தில் இரண்டுமே ‘அறுவை சிகிச்சை நடந்தது’ என்று சப்பையாகிவிட்டால் அந்தப் பெண் சொன்னது அங்கேயே தொலைந்துபோகிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

வினைச்சொல்லைப் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ‘ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினாங்க’ என்பதற்கு அந்த உத்தி உதவாது. நம் ஊர்ப் பேச்சில் கையில் ஊசி குத்தி ஏற்றும் எந்தத் திரவமும் குளுக்கோஸ்தான். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப்போனவருக்கு ஏற்றியது பெரும்பாலும் உப்புக் கரைசலாக இருக்கும். அரை லிட்டர் பாட்டிலில் 4.5 கிராம் உப்பு, சர்க்கரை துளியும் இல்லை. நிஜமாகவே 5 சதவீத குளுக்கோஸ் கரைசல் என்றால் அதே பாட்டிலில் 25 கிராம் குளுக்கோஸ். நீரிழிவுக்காரருக்கு எது ஏறியது என்பது முக்கியமான கேள்வி. சர்க்கரை இறங்கி மயங்கியவருக்கு என்றால் நிஜ குளுக்கோஸையே ஏற்றியிருக்கலாம். வாக்கியம் மட்டும் பதில் சொல்லாது. ‘நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள், நோயாளி அதைக் குளுக்கோஸ் என்கிறார்’ என்று எழுதுவதுதான் சரி. ஈழத் தமிழர்கள் இதைச் ‘சேலைன்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஒருவர், சென்னையிலிருந்து போன அம்மாவுக்கு வெளிநாட்டு மருத்துவமனையில் மொழிபெயர்த்தால், குளுக்கோஸ் என்ற சொல்லைக் கேட்டபடியே எடுத்துக்கொள்வது இயல்பு.

அல்சர் விஷயத்தில் நேர்மாறான தவறும் நடக்கிறது. நம் ஊரில் நேரத்துக்குச் சாப்பிடாமல் வயிறு எரிந்தாலே அல்சர். மருத்துவத்தில் அது இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ உண்டாகும் புண், பொதுவாக எண்டோஸ்கோபி வைத்துப் பார்த்து உறுதிசெய்வது. நோயாளிக்கு அல்சர் உண்டு என்று கேட்ட மருத்துவர் ரத்தக்கசிவுக்குப் பயந்து, மாரடைப்புக்கு வேண்டிய ஆஸ்பிரினைக்கூடக் கொடுக்கத் தயங்கலாம். இது தெரிந்த சில மொழிபெயர்ப்பாளர்கள் தாங்களே திருத்தி ‘வயிற்றெரிச்சல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதுவும் தப்பு. அந்த நோயாளிக்கு உண்மையிலேயே புண் இருந்து, முன்பு ரத்தம் கசிந்திருந்தால்? நோய் என்னவென்று முடிவு செய்வது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை. நோயாளி சொன்ன சொல்லை வைத்து, ‘பேச்சுத் தமிழில் இது சாதாரண எரிச்சலையும் குறிக்கும்’ என்று பக்கத்தில் ஒரு வரி சேர்க்கலாம். நேரில் இருந்தால் மருத்துவரிடமே அதைச் சொல்லிவிடலாம். ‘எண்டோஸ்கோபி பாத்தாங்களாம்மா?’ என்று அவர் ஒரு கேள்வி கேட்டால் விஷயம் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தச் சொற்கள் வரும்போது அங்கேயே இன்னொரு கேள்வி கேட்டுவிடுங்கள். எதுக்கு ஆபரேஷன், எப்போ, யார் சொல்லிப் பண்ணாங்க? என்ன பாட்டில்னு சீட்டு இருக்கா? ஒலிப்பதிவு என் கைக்கு வரும்போது அந்த அம்மா பக்கத்தில் இருக்க மாட்டார்.