கிருமி தங்குமிடம் குடல்
“கர்ப்பத்தின் 36ஆம் வாரத்திலேயே கிருமி தெரிந்துவிட்டால் அப்போதே மாத்திரை கொடுக்கலாமே, பிரசவ வலி வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இந்தக் கிருமி குடியிருப்பது குடலில். மாத்திரையால் பிறப்புறுப்பில் அது மறைந்தாலும், பிரசவத்துக்குள் குடலிலிருந்து மீண்டும் வந்துவிடும். பஞ்சுக்குச்சியால் ஆசனவாயிலும் மாதிரி எடுப்பது அதனால்தான். என் மகள் அதற்கு மிகவும் கூச்சப்பட்டாள். தாய்க்கு இது பெரும்பாலும் நோயே அல்ல. பிறக்கும் வழியில் தொற்றினால் குழந்தைக்குத்தான் முதல் வாரத்திலேயே ரத்தத்திலும் நுரையீரலிலும் ஆபத்து. ஆகவே பிரசவத்துக்கு முந்தைய சில மணி நேரத்தில் மருந்து தாயின் ரத்தம் வழியே குழந்தைக்கும் போய்ச் சேர வேண்டும். சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் மகளுக்கு விடியற்காலையில் பனிக்குடம் உடைந்தது. வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்சி பிடித்தோம். மருத்துவமனையில் சேர்ந்ததும் புறங்கை ரத்தக்குழாயில் பென்சிலின் ஏற்றினார்கள், பிறகு 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. முதல் தவணை பிரசவத்துக்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பே ஏறியிருப்பது நல்லது. அதற்குள் பிறந்துவிட்டால் குழந்தையைக் கூடுதலாகக் கண்காணிப்பார்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் மாதிரி எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், எந்த மாற்று மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று ஆய்வகத்தில் சோதிக்க அப்போதுதான் நேரம் இருக்கும்.