கருத்தடை ஊசியை நிறுத்திய பின் காத்திருக்கும் மாதங்கள்

"கடைசி ஊசி போட்டு ஏழு மாதமாகிறது, தீட்டு இன்னும் வரவில்லை, இனிக் குழந்தை தங்காதா?"

தங்கும், சகோதரி. ஊசி மருந்து தசையில் தங்கி மெல்ல மெல்லக் கரைவதால், ஓர் ஊசிக்கான மூன்று மாதக் கணக்கு முடிந்தாலும் கருமுட்டை உடனே வெளிவருவதில்லை. கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 9 அல்லது 10 மாதங்களில் கரு தங்குகிறது. சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். என் நாத்தனாரின் கிளினிக் அட்டையில் கடைசி ஊசி ஜனவரி 10 என்று இருந்தது. ஏப்ரலிலிருந்தே காத்திருந்த அவருக்கு, நவம்பரில்தான் கரு தங்கியது. முதல் தீட்டு வருமுன்பே கருமுட்டை வெளிவரக்கூடும் என்பதால், இப்போதே ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ஊசி போட்ட முதல் மாதங்களில் திட்டுத்திட்டாக இரத்தம் படுவதும், ஓராண்டுக்குள் பலருக்குத் தீட்டே நின்றுவிடுவதும் மருந்தின் இயல்பு; 'கெட்ட இரத்தம் உள்ளே தேங்குகிறது' என்று தோட்ட லயத்தில் சொல்வது தவறு. ஆனால் எட்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, வழக்கத்தைவிட இரு மடங்கு போனாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கருத்தடைக்கான யோனி வளையத்தையும் தோல் ஒட்டியையும் மூன்று வாரம் பயன்படுத்தி ஒரு வாரம் விடுவதால் தீட்டு பெரும்பாலும் ஒழுங்காக வரும், நிறுத்தினால் கருவளமும் விரைவில் திரும்பும். எனினும் அவற்றில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருப்பதால், உயர் இரத்த அழுத்தமுள்ளவர்களுக்கும் கைக்குழந்தைக்குப் பாலூட்டுபவர்களுக்கும் அவை பொருந்தா. அவர்களில் பாலூட்டுபவர்களுக்கு, பிரசவித்து ஆறு வாரம் கழிந்தபின், ஊசியே ஏற்றது.