எல்லாரும் இருபதுக்கு இருபது வாங்கினால் பரீட்சை யாரை அளந்தது?

டர்பன் பக்கத்தில் நடக்கும் வார இறுதித் தமிழ் வகுப்புகளின் ஆண்டு மார்க் கணக்கு, நவம்பர் கடைசியில் கமிட்டி மேசைக்கு வந்துவிடும். இந்த வருஷம் ஒரு இடத்துக் கணக்கைப் பார்த்துவிட்டு அவர்கள் எடுத்த முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த இடம், யார் கமிட்டி என்பதெல்லாம் வேண்டாம். கணக்கை மட்டும் பேசலாம். வார நாளில் ஹைஸ்கூலில் மேத்ஸ் எடுக்கிறவள் நான். இந்த மாதிரி கணக்கைக் கண்டால் சும்மா இருக்க வராது.

அங்கே இரண்டு வகுப்பு. பெரிய வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். வீட்டில் பாட்டி தமிழ் பேசுகிற பிள்ளைகள் சிலர், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் சிலர். சின்ன வகுப்பிலும் எட்டுப் பேர். இவர்கள் வீட்டில் முழுக்க இங்கிலீஷ்தான். இரண்டு வகுப்புக்கும் ஒரே பரீட்சை: டீச்சர் இருபது எழுத்து அட்டை காட்டுவார், பிள்ளை எழுத்தைச் சொல்ல வேண்டும், ஒன்றுக்கு ஒரு மார்க். பிப்ரவரியில் ஒரு முறை, நவம்பரில் அதே அட்டைகளோடு மறுபடி.

பெரிய வகுப்பின் பிப்ரவரி மார்க்: 16, 17, 18, 18, 19, 19, 20, 20. நவம்பரில் ஏழு பேர் 20, ஒருத்தி 19. சின்ன வகுப்பில் பிப்ரவரி: 2, 3, 4, 5, 6, 6, 7, 9. நவம்பரில் அதே வரிசையில் 8, 11, 9, 13, 12, 14, 15, 16.

கமிட்டி பார்த்தது சராசரியை மட்டும். பெரிய வகுப்பு 18.4-லிருந்து 19.9, ஏற்றம் ஒன்றரை. சின்ன வகுப்பு 5.25-லிருந்து 12.25, ஏற்றம் ஏழு. "பெரிய வகுப்பு டீச்சரம்மா என்னதான் செய்தாங்க?" என்று ஒரு மாமா கேட்டாராம். இரண்டு வகுப்புக்கும் நடுவே 13 மார்க் இருந்த இடைவெளி எட்டுக்கும் கீழே வந்துவிட்டது, ஆகவே பெரிய வகுப்பின் மணி நேரத்தைக் குறைத்துச் சின்ன வகுப்புக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு முடிந்திருக்கிறது.

கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பெரிய வகுப்பின் எட்டுப் பேரும் சேர்ந்து பிப்ரவரியிலேயே 147 மார்க் வாங்கிவிட்டார்கள். மொத்தமே 160தான். அந்தப் பிள்ளைகள் வருஷம் முழுக்கத் தலைகீழாக நின்று படித்திருந்தாலும் இன்னும் 13 மார்க்குக்கு மேல் ஏற வழியே இல்லை. அந்த 13-ல் 12 வாங்கியிருக்கிறார்கள். சின்ன வகுப்புக்கு ஏற 118 மார்க் இடம் இருந்தது, அதில் 56 வாங்கியிருக்கிறார்கள். மீதி இருந்த இடத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று பார்த்தால் பெரிய வகுப்பு 92%, சின்ன வகுப்பு 47%. ரிச்சர்ட் ஹேக் என்கிற இயற்பியல் பேராசிரியர் 1998-ல் வெளியிட்ட ஆய்வால் பரவலான கணக்கு முறை இது. இப்படிப் போட்டால் தீர்ப்பு அப்படியே தலைகீழாகிறது!

அதற்காக ஹேக் கணக்கைத் தூக்கிக் கொண்டு போய் "பெரிய வகுப்புதான் ஜெயித்தது" என்று சொல்லவும் நான் வரவில்லை. பரீட்சையில் கேட்காததை எந்த வகுத்தலும் வெளியே கொண்டுவராது. 92% என்பது அந்த இருபது அட்டைக்குள்தான். எழுத்து தெரிந்த பிள்ளை அதற்கப்புறம் வாக்கியம் படித்ததா, கதை படித்ததா என்பதை அட்டைக்கு எப்படித் தெரியும்?

இதைத்தான் சீலிங் எஃபெக்ட், கூரை விளைவு என்கிறார்கள். திறமை மேலே போய்க்கொண்டே இருக்கிறது, மார்க் மட்டும் கூரையில் முட்டி நின்றுவிடுகிறது. முட்டி நிற்கிற இடத்தில் பிள்ளைகளுக்கு நடுவே மிஞ்சுகிற வித்தியாசம் பெரும்பாலும் கைப்பிசகுதான். அந்த 19 வாங்கிய பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அவள் தவறவிட்டது "ங" அட்டை ஒன்றை. பரிசு வரிசையில் அவள்தான் கடைசி. வகுப்பிலேயே வேகமாகப் படிக்கிறவளும் அவள்தான்.

அது எப்படித் தெரியும் என்றால், டீச்சரின் நோட்டில் இன்னொரு கணக்கு இருந்தது. கமிட்டிக்குக் கொடுக்காத கணக்கு. பிள்ளை அதுவரை பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு நிமிஷத்தில் எத்தனை சொல் சரியாகப் படிக்கிறது என்று எண்ணியிருக்கிறார். அந்தப் பெண் நவம்பரில் 58 சொல். பெரிய வகுப்பின் சராசரி பிப்ரவரியில் 22, நவம்பரில் 41. எழுத்துப் பரீட்சையில் "ஒன்றும் நகரவில்லை" என்று பேர் வாங்கிய அதே வகுப்புதான்!

இப்போது அதே அளவுகோலைச் சின்ன வகுப்பில் வைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் ஏழு பேர் பூஜ்யம், ஒரு பிள்ளை மட்டும் 4 சொல். நவம்பரில் சராசரி 3. மூன்று பேர் இன்னமும் பூஜ்யத்தில்தான். அந்த மூன்று பேர் யார்? எழுத்துப் பரீட்சையில் 2-லிருந்து 8, 3-லிருந்து 11, 4-லிருந்து 9 என்று ஏறிய பிள்ளைகள். ஒருத்தன் எட்டு எழுத்தைப் புதிதாகப் பிடித்திருக்கிறான். சொல் கணக்கில் அவன் அங்கேயே நிற்கிறான், பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்துக்கு. இது தரை விளைவு, ஃப்ளோர் எஃபெக்ட். கீழே எவ்வளவு தூரம் நடந்தாலும் பரீட்சை அதைப் பார்ப்பதில்லை.

ஆக, எழுத்து அட்டையை நம்பினால் இடைவெளி 13-லிருந்து எட்டுக்கும் கீழே குறைந்தது. சொல் எண்ணிக்கையை நம்பினால் 21.5-லிருந்து 38-ஆக விரிந்தது. பதினாறு பிள்ளைகளும் அதே பிள்ளைகள், வருஷமும் அதே வருஷம். முதல் அளவுக்கு மேலே கண் தெரியவில்லை, இரண்டாவதற்குக் கீழே கண் தெரியவில்லை. இரண்டு வகுப்பையும் முழுசாகப் பார்க்கிற அளவு அந்த இடத்தில் கிடையாது. அப்படியிருக்க "இடைவெளி குறைந்துவிட்டது" என்று சொல்ல எவருக்கும் ஆதாரம் இல்லை, "கூடிவிட்டது" என்று சொல்லவும் இல்லை.

இதையெல்லாம் நவம்பர் வரை காத்திருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. பிப்ரவரி பட்டியலிலேயே பெரிய வகுப்பில் எட்டில் இரண்டு பேர் முழு மார்க், அதாவது 25%. மருத்துவ ஆய்வில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் கேள்வித்தாள்களைச் சோதிக்கிறவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: 15%-க்கு மேல் ஆட்கள் உச்சியிலோ அடியிலோ குவிந்துவிட்டால் அந்தத் தாளைச் சந்தேகப்பட வேண்டும். எட்டுப் பேருக்குச் சதவீதம் பேசுவது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் யாருமே 16-க்குக் கீழே இல்லாத பட்டியலைப் பார்த்ததுமே கை நின்றிருக்க வேண்டும்.

கேள்வி கேள்வியாகவும் பார்க்கலாம். எட்டுப் பேரும் சரியாகச் சொன்ன "அ" அட்டை அந்த எட்டுப் பேரை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துக் காட்டாது. எட்டுப் பேரும் தவறிய அட்டையும் அப்படியே. பாதிப் பேர் சரி, பாதிப் பேர் தவறு என்கிற கேள்விதான் அதிகம் பிரித்துக் காட்டும். நவம்பரில் பெரிய வகுப்புக்கு இருபதில் பத்தொன்பது அட்டை வெறும் அட்டை.

தாளில் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் என்றால் தரை பூஜ்யத்தில் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே இருபதுக்கு ஐந்து வாக்கில் வந்துவிடும். 5, 6 என்று மார்க் குவிந்திருந்தால் "கொஞ்சம் தெரிகிறது" என்று மகிழ வேண்டாம், அதுதான் தரை.

இது நம் வார இறுதி வகுப்பின் சின்ன விவகாரம் மட்டுமில்லை. நம் தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் நாடு முழுக்க வருஷா வருஷம் வைத்த ஏஎன்ஏ தேர்வு ஞாபகம் இருக்கிறதா? கிரேடு 9 மேத்ஸ் தேசிய சராசரி 2012-ல் 13%, 2013-ல் 14%, 2014-ல் 11%. பேப்பர்கள் இதை வைத்து ஏற்றம் இறக்கம் பேசின. நூற்றுக்குப் பதினொன்று என்கிற இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் தரையில் கிடக்கிறார்கள். தாளில் லேசான கேள்வி இரண்டு கூடினாலோ குறைந்தாலோ இந்தச் சராசரி நகர்ந்துவிடும். அல்ஜீப்ரா தடுமாறும் பிள்ளையையும், இன்னும் பின்னம் கூட்டத் தெரியாத பிள்ளையையும் அந்தத் தாள் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. யாருக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது என்று டீச்சருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

பல நாட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வைக்கும் பர்ல்ஸ் வாசிப்புத் தேர்வை நடத்துகிறவர்களுக்கு இது புரிந்தது. 2006-ல் நம் கிரேடு 5 பிள்ளைகளின் சராசரி 302. அந்த அளவுகோலின் நடுப்புள்ளி 500. 2011-ல் பத்திகளைச் சின்னதாக்கி, சொற்களை எளிதாக்கி ப்ரீபர்ல்ஸ் என்று தனித் தேர்வே வைத்தார்கள். நம் கிரேடு 4 பிள்ளைகள் எழுதியது அதைத்தான். 2021-ல் எளிய புத்தகம், கடினமான புத்தகம் என்று இரண்டு வகை அச்சிட்டு, நாட்டுக்குத் தக்கபடி கலந்து கொடுத்தார்கள். அவ்வளவு செய்தும் அந்த வருஷம் நம் கிரேடு 4-ல் 81% பிள்ளைகள் 400 என்கிற அடிக்கோட்டைத் தொடவில்லை. அந்தக் கோட்டுக்குக் கீழே யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்தொலி எத்தனை, சொல் எத்தனை என்று நிமிஷக் கணக்கில் கேட்கும் எக்ரா மாதிரித் தேர்வுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் சொல் படிக்கும் பகுதியில் பூஜ்யங்கள் குவியும். அதனால்தான் கீழே எழுத்து வரை இறங்கிப் போகிறார்கள், சராசரியோடு பூஜ்யம் வாங்கியவர்கள் எத்தனை சதவீதம் என்பதையும் தனியாகச் சொல்கிறார்கள்.

எல்லாரும் முழு மார்க் வாங்குவதே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்து தெரிந்ததா என்று சோதிக்கிற தாளில் எல்லாரும் 20 வாங்கத்தான் வேண்டும், அதற்காகத்தானே வகுப்பு! டிரைவிங் தியரி தேர்வும் அப்படித்தான். "தேறிவிட்டார்கள்" என்று சொல்ல அந்தத் தாள் போதும். யார் எவ்வளவு வளர்ந்தார்கள், எந்த டீச்சர் நன்றாக எடுத்தார், யாருக்கு நேரத்தைக் குறைக்கலாம் என்ற கேள்விகளுக்கு அதே தாளைப் பதிலாக நீட்டும்போதுதான் தப்பு நடக்கிறது.

கமிட்டியில் இருப்பவர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். நேரத்தைக் குறைக்கும் முடிவை ஜனவரி வரை நிறுத்தி வையுங்கள். புதுத் தாளில் எழுத்து ஆறு, "மரம்", "பழம்" மாதிரிச் சொல் ஆறு, வாக்கியம் நாலு, பார்க்காத பத்தியிலிருந்து கேள்வி நாலு என்று ஏறுவரிசையில் வையுங்கள். வரிசையாக ஐந்து தவறினால் அங்கே நிறுத்திவிடலாம், சின்னப் பிள்ளையை அழ வைக்க வேண்டியதில்லை. வகுப்பு தொடங்கியதும் இரண்டு வகுப்பிலும் நாலைந்து பேருக்குக் கொடுத்துப் பாருங்கள். யாராவது 20 வாங்கினால் மேலே கடினமான கேள்வி சேர்க்க வேண்டும், பூஜ்யம் வந்தால் கீழே எளியது சேர்க்க வேண்டும். தாள் தயாரிக்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை நான் வந்து உட்காருகிறேன். அந்த டீச்சரம்மாவின் நோட்டையும் அன்றைக்கு மேசையில் வையுங்கள்.