கல்லூரியை விட்டு வந்த மருமகனுக்கு

அக்கா மகன் இரண்டாம் ஆண்டின் நடுவில் படிப்பை நிறுத்திவிட்டான். அவனுக்கு எழுதிய கடிதத்தை, அவனிடம் கேட்டுவிட்டு இங்கே போடுகிறேன். இதே நிலையில் இன்னும் சில வீடுகள் இருக்கும்.

மாப்பிள்ளை,

திரும்பிப் போ என்று சொல்ல இதை எழுதவில்லை. அதைச் சொல்ல வீட்டில் வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: முறைப்படி விலகினாயா, இல்லை போகாமல் நின்றுவிட்டாயா?

சொல்லாமல் நின்றால் பெரும்பாலும் பெயர் பட்டியலிலேயே கிடக்கும். எழுதாத தேர்வுகள் தோல்வியாக ஏறும், சில இடங்களில் கட்டணமும் சேரும். பின்னால் வேறெங்காவது சேரப் போகும்போது அந்த நிலுவைதான் குறுக்கே வந்து நிற்கும். அதனால் இந்த வாரமே அலுவலகத்துக்குப் போ. தற்காலிக விடுப்பு தருவார்களா, எவ்வளவு காலம் இடம் வைத்திருப்பார்கள் என்று முதலில் கேள். இல்லையென்றால் விலகல் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கு. நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடு. அசல் சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல்களோடு, படித்த பாடங்களின் பாடத்திட்ட நகலையும் வாங்கிக்கொள். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தேர்ச்சி பெற்ற பாடத்துக்கு இன்னொரு கல்லூரி விலக்கு தருவதானால் அதை வைத்துத்தான் ஒப்பிடும். அதற்கும் காலக்கெடு இருக்கும், தள்ளிப்போடாதே. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நான் வருகிறேன். வாயே திறக்க மாட்டேன், வெளியே உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம், உன் மதிப்பெண் பட்டியல்களை அம்மா காட்டினாள். கோபித்துக்கொள்ளாதே. முதல் இரண்டு பருவத்திலும் எல்லாப் பாடத்திலும் தேறியிருக்கிறாய், கணிதத்தில் நல்ல மதிப்பெண். மூன்றாவதில் நான்கு பாடம் போயிருக்கிறது. அதில் மூன்றுக்கு நேரே 'வரவில்லை' என்றுதான் இருக்கிறது. எழுதித் தோற்றது ஒன்றே ஒன்று. "எனக்குப் படிப்பு ஏறாது மாமா" என்றாயே, இந்தக் காகிதம் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பருவத்தில் உன்னை வகுப்புக்குப் போக விடாத ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. தூக்கமா, பயமா, யாராவது ஏதாவது செய்தார்களா, எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்ல வேண்டுமென்றுகூட இல்லை, மருத்துவரிடம் சொன்னாலும் சரி. அது தெரியாமல் வேறு படிப்புக்கு மாறினால் அங்கேயும் மூன்றாவது பருவம் வரும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். தினம் ஒரே நேரத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வைக்கிற வேலை எதுவானாலும் போதும், அரை நாள் வேலையானாலும் சரி. விண்ணப்பத்தில் படித்த காலத்தை உள்ளபடி எழுதி, 'முடிக்கவில்லை' என்று போடு. ஏன் என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லி, இப்போது என்ன செய்கிறாய் என்பதற்கு வந்துவிடு.

ஞாயிறுதோறும் கூப்பிடுவேன். நீயாக எடுக்காமல் கல்லூரிப் பேச்சை எடுக்க மாட்டேன். அம்மாவிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவள் எத்தனை நாள் தாங்குவாள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

மாமா