கோடு போட்ட விலைக்கு யாராவது வாங்கினார்களா?

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு வருஷத்தில் இரண்டு தள்ளுபடிக் காலம். ஆடி பிறந்ததும் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போவோம், அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஓணம் வந்துவிடும், பாலக்காட்டுக்குப் பஸ் ஏறுவோம். இரண்டு பக்கமும் ஏறி இறங்குவதில் ஒரு லாபம் உண்டு, ஒரே சரக்கு இரண்டு ஊரிலும் என்ன விலையில் தொங்குகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு முழுக்கைச் சட்டை. பெரிய பிராண்டு இல்லை, ஆனால் காலர் லேபிள் ஒன்று, துணி ஒன்று, பட்டன்கூட ஒன்றுதான். பொள்ளாச்சிக் கடையில் 1,499 என்று போட்டு அதன்மேல் கோடு, கீழே 749, மேலே பெரிதாக ‘50% தள்ளுபடி’. பாலக்காட்டில் அதே சட்டைக்கு 1,199ஐ அடித்துவிட்டு 779, போர்டில் 35 சதவீதம். நாம் கொடுக்கப் போகும் பணத்தில் வித்தியாசம் 30 ரூபாய், அடித்த விலையில் வித்தியாசமோ 300 ரூபாய். ஒரே சட்டைக்கு இரண்டு ‘பழைய விலை’ எப்படி வரும்?

வரும், அந்த எண் எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரியும், ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தில் உட்கார்ந்தவள் நான். பிராண்டு இல்லாத சரக்கு மூட்டையாக வந்து இறங்கும். கம்ப்யூட்டரில் அந்தச் சரக்குக்கு ஒரு பதிவு திறப்போம், அதில் கொள்முதல் விலைக்கு ஒரு கட்டம், எம்.ஆர்.பி.க்கு ஒரு கட்டம், விற்பனை விலைக்கு ஒரு கட்டம். சட்டப்படி எம்.ஆர்.பி. என்பது தயாரிப்பாளரோ பேக் செய்பவரோ போட வேண்டியது. ஆனால் இந்த மாதிரிச் சரக்குக்குப் பல கடைகளில் பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கும்போதுதான் அந்தக் கட்டமே நிரம்புகிறது. முதலாளி சொல்கிற எண்ணைத் தட்டினால் அதுதான் எம்.ஆர்.பி.

கணக்கை முழுசாகவே சொல்கிறேன், எண்கள் உதாரணத்துக்கு. சட்டை 460 ரூபாய்க்குக் கடைக்கு வருகிறது என்று வையுங்கள். 749க்கு விற்றால் அதில் 5 சதவீத ஜி.எஸ்.டி. போகக் கையில் நிற்பது 713, அதாவது சட்டைக்கு 253 ரூபாய் மிச்சம். வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் அதில்தான், ஜவுளிக்கடைக்கு இது சாதாரண மார்ஜின். ஆக 749 என்பது தள்ளுபடி விலையே இல்லை, எப்போதும் விற்கிற விலை. ஆனி கடைசியில் ஸ்டிக்கர் அடிக்கும்போது எம்.ஆர்.பி. கட்டத்தில் 1,499 போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அந்த 1,499க்கு ஒரு சட்டைகூட அந்தக் கடையில் விற்றிருக்காது, அப்படி விற்கலாம் என்று யாரும் நினைத்ததும் இல்லை.

இதைச் சொன்னதும் ‘எல்லாத் தள்ளுபடியும் ஏமாற்றுத்தான்’ என்று கமெண்ட் போட வந்துவிடாதீர்கள், அதுவும் பொய். அதே சட்டை பொங்கலுக்கு 749க்குப் போயிருக்கும், நடு சைஸ் எல்லாம் தீர்ந்து 38ம் 44ம் மட்டும் மூலையில் கிடக்கும். போட்ட பணம் முடங்கி, புதுச் சரக்குக்கு அலமாரியும் இல்லை என்றால் முதலாளி 749ஐ அடித்து 525 போடுவார். வரி போக அவருக்கு 500, கொள்முதல் கழித்தால் 40 ரூபாய். கரண்ட் பில்லுக்குக்கூடக் காணாது, சரக்கு நகர்ந்தால் போதும் என்று விடுகிறார். இது நேர்மையான கோடு. ஏனென்றால் அடித்த விலையைக் கொடுத்து அதே கடையில் கொஞ்ச நாள் முன்னால் யாரோ வாங்கிப் போயிருக்கிறார்கள்.

வெளியே நின்று பார்க்கிற நமக்கு எது எது என்று எப்படித் தெரியும்? நான் முதலில் பார்ப்பது அடுக்கைத்தான். மிச்சச் சரக்கு என்றால் சைஸ் உடைந்திருக்கும், கலர் கலந்து கிடக்கும், மடிப்பு ஓரத்தில் லேசாக வெளுத்திருக்கும், பெட்டியில் வந்த சட்டை என்றால் அச்சிட்ட மாதமும் பழசாக இருக்கும். 38 முதல் 44 வரை எல்லா சைஸும், நாலு கலரில், புது பாலிதீன் மணத்தோடு ஒரு மேஜை நிறையக் குவிந்திருந்தால் அது தள்ளுபடிக்கென்றே இறக்கிய சரக்கு. அதற்குப் பழைய விலை இருக்க வழியே இல்லை. வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை, துணி 749க்குத் தேறுமா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது ஸ்டிக்கர். பேக் செய்த பொருளில் எம்.ஆர்.பி.யைக் குறைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் தயாரிப்பாளர் அச்சிட்ட விலையை அது மறைக்கக் கூடாது என்று 2011ஆம் வருஷத்து விதியிலேயே இருக்கிறது. அச்சிட்ட விலைமேல் கனமாக ஒட்டியிருந்தால் நகத்தால் கொஞ்சம் கிளப்பிப் பாருங்கள். உள்ளே சின்ன எண், வெளியே பெரிய எண் என்றால் அப்புறம் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று, ‘எம்.ஆர்.பி.யைத்தானே அடித்திருக்கிறோம், அதில் என்ன பொய்?’ என்று கடைக்காரர் கேட்பார். எம்.ஆர்.பி. என்பது அதற்குமேல் வாங்கக் கூடாது என்கிற உச்சவரம்பு, அவ்வளவுதான். அந்த விலைக்கு விற்றது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அரசு விலை கட்டுப்படுத்தும் மருந்து மாதிரிச் சிலதை விட்டால், அதை எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்று துணிக்கெல்லாம் எல்லையும் கிடையாது. ஆனால் 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருள் சாதாரணமாக என்ன விலைக்கு விற்றது, விற்கிறது என்பதில் மக்களைத் தவறாக நம்பவைப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. சட்டம் கேட்பது விற்ற விலையை.

நம் சட்டத்தில் குறைச்சல் என்னவென்றால், ‘எத்தனை நாளுக்கு முன் விற்ற விலை’ என்று ஒரு கணக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. தள்ளுபடிக்கு முந்தைய 30 நாளில் அந்தக் கடை விற்ற மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அவர்கள் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அந்த விலையை மூலையில் சின்னதாகப் போட்டால் போதாது, தள்ளுபடி சதவீதத்தையே அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. பொள்ளாச்சிச் சட்டைக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். ஆனி முழுக்க 749க்கு விற்றிருந்தால் ஆடியில் தள்ளுபடி பூஜ்யம்.

இங்கே அந்த விதி வரும்வரை நான் செய்வது பழைய பில்லைத் தூக்கிப் போடாமல் வைப்பது, சும்மா கடைக்குப் போகும்போது விலைச்சீட்டை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம், ஆனால் ‘எனக்கு அப்படித் தோணுது’ என்றால் அங்கே எடுபடாது, ஆனி மாத பில் ஒன்று கையில் இருந்தால் பேச்சு வேறு. கடையில் நேராகவும் கேட்பேன், ‘அண்ணா, போன மாசம் இது என்ன விலைக்குப் போச்சு?’ மிச்சச் சரக்கு விற்கிறவர் டக்கென்று சொல்வார், சிலர் பில் புக்கையே எடுத்துக் காட்டுவார்கள். மற்றவர்கள் போர்டைக் கை காட்டி ‘ஆஃபர்ல போட்டிருக்கோம்க்கா’ என்பார்கள்.