முதல் எழுத்தின் நகர்வு முழுச் சொல்லுக்கும் பொருந்தாது

"முதல் எழுத்து எத்தனை இடம் நகர்ந்தது என்று பார்த்தால் போதும், மிச்சமும் அப்படியேதான் நகரும்."

ஒரு சொல்லின் எழுத்துகளை அகரவரிசையில் நகர்த்திக் குறியீடாக்கும் வினாக்களுக்குப் பலர் சொல்லும் இந்த வழி பாதி உண்மையே. நல்லூர்ப் பக்கத்து ரியூசன் வகுப்பொன்றில் நுண்ணறிவு வினாத்தாள் பயிற்றுவிக்கையில் நான் கொடுக்கும் உதாரணத்தைப் பாருங்கள். LAMP என்பது MCPT எனக் குறியிடப்பட்டால் ROSE எவ்வாறு குறியிடப்படும் என்பதே வினா.

```
L   A   M   P
M   C   P   T
+1  +2  +3  +4
```

L என்பது M ஆனதை மட்டும் பார்த்து ROSE என்பதற்கு SPTF என எழுதும் மாணவர்கள், அந்த விடையும் தெரிவுகளில் பெரும்பாலும் வைக்கப்பட்டிருப்பதால், பிழையை உணராமலே அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். நான்கு எழுத்துகளையும் ஒப்பிட்டால் SQVI என்பதே வரும். இரண்டாம் எழுத்தைச் சோதிக்கும்போதே ஒரே அளவு நகர்வு என்ற ஊகம் இங்கு உடைந்துவிடுகிறது.

அகரவரிசையைத் தலைகீழாக்கி A-க்கு Z, B-க்கு Y என எழுத வேண்டும் என்று சொன்ன தம்பி ஒருவர் வேறொரு வகை வினாவை நினைத்துவிட்டார். அதில் L என்பது O ஆகும், M ஆகாது.

TAXI என்ற சொல்லில் Z-ஐத் தாண்ட நேர்ந்ததால் தாம் தடுமாறியதாக அக்கா ஒருவர் குறிப்பிட்டிருந்தார். X 24ஆம் எழுத்து. மூன்றைக் கூட்டினால் 27, அதிலிருந்து 26-ஐக் கழித்தால் 1, அதாவது A. ஆகவே விடை UCAM.

ஐந்தெழுத்துச் சொல் கேட்கப்பட்டால் ஐந்தாம் எழுத்து ஐந்து இடம் நகருமா, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குமா என்பதை இந்த உதாரணம் தீர்மானிப்பதில்லை. தொடர்ந்து கூட்டுவதே வழக்கம் என்று சக ஆசிரியர் வாதிடுகிறார். இரண்டு விடைகளும் தெரிவுகளில் இருந்தால் வினாவே குறையுடையது என்பது என் எண்ணம்.